மூன்று புள்ளிகளும் நேர்கோட்டில்தான் இருக்கின்றன, நிரல் மட்டும் இல்லை என்கிறது

திருகோணமலையில் காணி எல்லை, வேலி, கரையோரம் என்று ஜிபிஎஸ்ஸில் புள்ளிகள் எடுத்து, அவற்றைச் சிறு பைத்தன் நிரலால் சுத்தம் செய்து வரைபடமாக்கும் பிள்ளைகள் சிலரோடு எனக்குப் பழக்கம். அவர்கள் கொண்டு வரும் கோளாறுகள் வெளியே பார்க்க வேறு வேறாகத் தெரியும். ஒருவருக்கு வேண்டாத புள்ளி அழிய மாட்டேன் என்கிறது, இன்னொருவருக்கு வேண்டிய மூலையே அழிந்துவிடுகிறது. பெரும்பாலும் எல்லாம் ஒரே வரியில் வந்து நிற்கும்: a, b, c என்ற மூன்று புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று கேட்கும் வரி. அந்த வரி இதுதான்.

```python
def turn(a, b, c):
    return (b[0]-a[0])*(c[1]-a[1]) - (b[1]-a[1])*(c[0]-a[0])
```

இது குறுக்குப் பெருக்கம். விடை நேர் எண்ணானால் a, b, c என்று போகும்போது இடப்பக்கம் திரும்புகிறோம், மறை எண்ணானால் வலப்பக்கம். பூச்சியமானால் நேராகப் போகிறோம். விடையின் அளவு அந்த முக்கோணத்தின் பரப்பளவைப் போல இரண்டு மடங்கு. பரப்பளவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கோளாறு அதை மறப்பதால் வருகிறது.

## அறிகுறி: `== 0` ஒருபோதும் உண்மையாவதில்லை

கோப்பில் உள்ள புள்ளிகளைக் கண்ணால் பார்த்தால் நேர்கோடு. தாளில் கணக்குப் போட்டாலும் நேர்கோடு. நிரல் மட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் திருப்பம் இருக்கிறது என்கிறது.

y = 3x என்ற கோட்டில் (0, 0), (0.1, 0.3), (0.3, 0.9) ஆகிய மூன்றையும் எடுப்போம். 0.1 × 0.9 என்றால் 0.09, 0.3 × 0.3 என்றாலும் 0.09. கழித்தால் பூச்சியம் வர வேண்டும். ஓட்டிப் பார்த்தால் இப்படி வருகிறது:

```python
a, b, c = (0, 0), (0.1, 0.3), (0.3, 0.9)
print(turn(a, b, c))   # 1.3877787807814457e-17
print(turn(b, c, a))   # 2.0816681711721685e-17
print(turn(c, a, b))   # 2.7755575615628914e-17
```

பூச்சியம் வரவில்லை என்பது ஒரு செய்தி. அதே முக்கோணத்தை எந்தப் புள்ளியில் தொடங்கினோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்பது இன்னொரு செய்தி. இரண்டுக்கும் காரணம் வேறு, அதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, சேமிப்பிலேயே வரும் பிழை. மிதவைப் புள்ளி எண் இரும முறையில் எழுதப்படுகிறது. பைத்தனின் சாதாரண ஃப்ளோட்டுக்கு 53 பிட் துல்லியம். பத்தில் ஒன்றை இரும முறையில் முடிவாக எழுத முடியாது, எனவே 0.1 என்று தட்டினால் அதற்கு மிக அருகிலுள்ள எண்தான் உள்ளே போகிறது, அது 0.1ஐ விடத் துளி பெரிது. 0.9உம் துளி பெரிதாகத்தான் போகிறது, 0.3 துளி சிறிதாகப் போகிறது. ஆகவே உள்ளே இருக்கும் மூன்று புள்ளிகளும் உண்மையிலேயே ஒரே கோட்டில் இல்லை. இதைப் பைத்தனின் `Fraction` கொண்டு பிழையே இல்லாமல் கணக்கிட்டால் விடை சரியாக 2 இன் −56ஆம் அடுக்கு, அதாவது மேலே முதல் வரியில் அச்சான அதே எண். முதல் வரி கணக்கில் தவறவில்லை. நாம் நினைத்த புள்ளிகளுக்குப் பதிலாக உள்ளே இருக்கும் புள்ளிகளைப் பற்றிச் சரியாகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, கணக்குப் போடும்போது வரும் பிழை. ஒவ்வொரு கழித்தலுக்கும் பெருக்கலுக்கும் பிறகு விடை அருகிலுள்ள ஃப்ளோட்டுக்கு முழுமையாக்கப்படுகிறது. b இலிருந்து தொடங்கினால் 0.3 − 0.1, 0.9 − 0.3 என்ற கழித்தல்கள் உள்ளே வருகின்றன. பைத்தனில் முன்னது 0.19999999999999998, பின்னது 0.6000000000000001. அதனால்தான் அடுத்த இரண்டு வரிகளும் உண்மை விடையைப் போல ஒன்றரை மடங்காகவும் இரண்டு மடங்காகவும் வந்து நிற்கின்றன.

ஆக, `== 0` என்று கேட்பது பொருத்தமில்லாத கேள்வி. எவ்வளவு வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு எல்லை வேண்டும். அந்த எல்லைதான் டொலரன்ஸ். அதை எந்த அலகில் வைப்பது என்பதில்தான் அடுத்த கோளாறு வருகிறது, அதில் கொஞ்சம் கூட நேரம் செலவழிக்கப் போகிறேன்.

## அறிகுறி: டொலரன்ஸ் போட்ட பிறகு உண்மையான மூலைகள் காணாமல் போகின்றன

உவர்மலைப் பக்கம் ஒரு தம்பி கொண்டு வந்த நிரலில் இந்த வரி இருந்தது:

```python
if abs(turn(a, b, c)) < 1e-9:
    drop(b)
```

"அண்ணா, ஒன்பதாம் தசமதானத்தில வெட்டியிருக்கிறன், இதுக்கு மேல என்ன துல்லியம் வேணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய கோப்பு அகலக்கோடு, நெடுங்கோடு என்று பாகையில் இருந்தது. எல்லைக் கோட்டின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கடை அறையின் மூலை படத்தில் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். திருகோணமலை இருக்கும் அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். 3 மீட்டர் நீளமான சுவர் என்றால் 0.000027 பாகை. இரண்டு 3 மீட்டர் சுவர்கள் செங்கோணத்தில் சந்திக்கும் மூலைக்குக் குறுக்குப் பெருக்கம் 0.000027 × 0.000027, அதாவது 7.3e-10 அளவில். இது 1e-9ஐ விடச் சிறியது. முழுச் செங்கோண மூலையை நிரல் "நேர்கோடு" என்று முடிவெடுத்து அழித்துவிட்டது! அதே கோப்பில் 10 மீட்டர் சுவர்களின் மூலை 8e-9 அளவில் வரும், அது தப்பிவிடும். எனவே பெரிய மூலைகள் இருக்கின்றன, சின்ன மூலைகள் மட்டும் இல்லை. இந்தக் கோளாறை அடையாளம் காண அதுவே நல்ல தடயம்.

சரி, கோப்பை மீட்டருக்கு மாற்றினால் தீருமா? ஆள்கூறுகளை மீட்டரில் தரும் யுடிஎம் முறையில் நம்முடைய இடம் 44ஆம் வலயத்தில் வருகிறது. நகரத்தை ஒட்டிய ஒரு புள்ளியின் கிழக்குத் தூரம் 525000 மீட்டர் அளவிலும் வடக்குத் தூரம் 947000 மீட்டர் அளவிலும் இருக்கும். இந்த அளவு எண்களில் அடுத்தடுத்த இரண்டு ஃப்ளோட்டுகளுக்கு இடையே 1.16e-10 மீட்டர் இடைவெளி. மீட்டரில் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் 500 மீட்டர் நீளமான நேரான வேலியில் இடைப் புள்ளி ஒன்றைக் கணக்கிட்டுப் போட்டால், அந்த நுண்ணிய பிழை 500ஆல் பெருக்கப்பட்டுக் குறுக்குப் பெருக்கத்தில் 1e-8 அளவுக்கு எளிதாக வந்துவிடும். இப்போது 1e-9 மிகச் சிறியது. நேரான வேலி வளைந்தது என்று நிரல் சொல்லும்.

ஒரே எண், ஒரே ஊர். பாகையில் வைத்தால் மூலையைத் தின்கிறது, மீட்டரில் வைத்தால் வேலியில் பொய்த் திருப்பம் காட்டுகிறது. குறுக்குப் பெருக்கம் பரப்பளவு என்பதை இங்கேதான் நினைக்க வேண்டும். 1e-9 என்பது ஒரு தடவை "சதுரப் பாகை", இன்னொரு தடவை "சதுர மீட்டர்". பக்கங்கள் நீண்டால் பரப்பளவும் கூடுகிறது, எனவே பரப்பளவுக்கு நிலையான எல்லை போட்டால் அது நீண்ட கோட்டுக்கு ஒரு மாதிரியும் குறுகிய கோட்டுக்கு வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்.

நாம் உண்மையில் கேட்க விரும்புவது, a–c கோட்டிலிருந்து b எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதுதான். முக்கோணத்தின் பரப்பளவைப் போல இரண்டு மடங்கை அடிப்பக்கத்தால் வகுத்தால் உயரம் கிடைக்கும். ஒரு வகுத்தல் போதும்.

```python
from math import hypot

def off_line(a, b, c):
    base = hypot(c[0]-a[0], c[1]-a[1])
    if base == 0:
        return hypot(b[0]-a[0], b[1]-a[1])
    return abs(turn(a, b, c)) / base
```

இப்போது விடை மீட்டரில். டொலரன்ஸையும் மீட்டரில் வைக்கலாம், அதற்கு ஒரு பொருள் இருக்கும். ஆனால் முதலில் கோப்பை மீட்டருக்கு மாற்றிவிட வேண்டும். பாகையில் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் விடை பாகையில் வரும். அதோடு நெடுங்கோட்டுப் பாகையும் அகலக்கோட்டுப் பாகையும் ஒரே நீளமல்ல. நம் ஊரில் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் கண்ணில் படாது, மத்திய கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போகப் பெரிதாகும்.

எல்லையை எவ்வளவு வைப்பது? கீழே ஒரு வரம்பு, மேலே ஒரு வரம்பு. கீழ் வரம்பு ஃப்ளோட்டின் இரைச்சல், நம் ஆள்கூறுகளில் அது 1e-10 மீட்டர் அளவு. மேல் வரம்பு, நீங்கள் இழக்க விரும்பாத மிகச் சிறிய உண்மையான வளைவு. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை அளவெடுத்த கருவியின் துல்லியத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஆர்டிகே என்ற உயர்துல்லிய ஜிபிஎஸ் கருவியால் எடுத்த எல்லைக் கற்கள் ஓரிரு சென்டிமீட்டருக்குச் சரியாக இருக்கும், அங்கே 0.02 மீட்டர் பொருத்தம். கைபேசியால் எடுத்த புள்ளி திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் வரை பிசகலாம், மரமும் கட்டிடமும் இருந்தால் இன்னும் கூட. அப்படிப்பட்ட கோப்பில் 0.02 என்று வைத்தால் வளைவு என்று மிஞ்சுவது எல்லாம் கருவியின் பிசகுதான்.

இந்த ஃபங்ஷனில் ஒரு குறை உண்டு. b ஆனது a–c கோட்டின் நீட்சியில் வெளியே இருந்தாலும் தூரம் பூச்சியம்தான் வரும். முட்டுச் சந்துக்குள் 20 மீட்டர் போய், அதே வழியில் திரும்பி வந்த பாதையில் சந்தின் கடைசிப் புள்ளி இப்படித்தான் அழிந்துபோகும். பாதைத் தரவு என்றால் b இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் கோட்டுக்குப் பதிலாகக் கோட்டுத்துண்டுக்கு உள்ள தூரத்தை எடுங்கள்.

கோளாறு அலகில்தானா என்று உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. எல்லா ஆள்கூறுகளையும் 1000ஆல் பெருக்கி மில்லிமீட்டராக்குங்கள், நீளத்தில் வைத்த டொலரன்ஸையும் 1000ஆல் பெருக்குங்கள். நிரல் வைத்திருக்கும் புள்ளிகள் மாறக் கூடாது. மாறினால் எங்கோ பரப்பளவை நீளத்தோடு ஒப்பிடுகிறீர்கள்.

## அறிகுறி: நேர்கோடு படிக்கட்டு போலத் தெரிகிறது

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சாய்ந்த வேலி சிறு சிறு படிகளாக ஏறுகிறது, எந்த டொலரன்ஸும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. உடனே பாருங்கள், எண்கள் எங்காவது 32 பிட் ஃப்ளோட்டாக மாறுகின்றனவா? `numpy` வரிசையை `float32` என்று உருவாக்கியிருக்கலாம், அல்லது திரையில் வரையும் பகுதி அப்படி வாங்கிக்கொண்டிருக்கலாம்.

32 பிட் ஃப்ளோட்டுக்கு 24 பிட் துல்லியம்தான். 525000 அளவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 0.0625 மீட்டர், அதாவது ஆறே கால் சென்டிமீட்டர். எல்லாப் புள்ளிகளும் அந்த இடைவெளியுள்ள கட்டங்களின் மூலைகளில் போய் உட்காருகின்றன. இங்கே 2 சென்டிமீட்டர் டொலரன்ஸ் என்று பேசுவதில் பொருளில்லை, கீழ் வரம்பு மேல் வரம்பைத் தாண்டிவிட்டது.

பக்கத்தில் ஒரு புள்ளியை உள்ளூர் தொடக்கமாக வைத்து, 64 பிட்டில் இருக்கும்போதே அதைக் கழித்துவிட்டு, பிறகு 32க்கு மாற்றுங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் உள்ள எண்களுக்கு இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். வரிசை முக்கியம். முதலில் 32க்கு மாற்றிவிட்டுப் பிறகு கழித்தால் தொலைந்த பிட்டுகள் திரும்பி வராது.

`turn` ஃபங்ஷன் கழித்துவிட்டுப் பெருக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். அடைப்பை விரித்து ஆள்கூறுகளை நேரடியாகப் பெருக்கும் சூத்திரமும் தாளில் சரிதான், ஆனால் 525000 × 947000 என்ற பெருக்கத்தின் இடைவெளி 64 பிட்டிலேயே 0.00006 சதுர மீட்டர். 32 பிட்டில் அதே இடைவெளி 32768 சதுர மீட்டர்.

## அறிகுறி: மெல்லிய வளைவு நேர்கோடாகிவிடுகிறது

இதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. அலகு சரி, டொலரன்ஸ் சரி, ஒவ்வொரு மூன்று புள்ளியையும் தனித்தனியே சோதித்தாலும் விடை சரி. ஆனால் முடிவில் கரையோரக் கோடு கரையை விட்டு விலகி நிற்கிறது.

உப்புவெளிப் பக்கம் கரையோரமாக நடந்து ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். கரை 500 மீட்டர் ஆரையுள்ள வட்டத்தின் வில்லாக வளைகிறது, டொலரன்ஸ் 5 சென்டிமீட்டர். ஆரை R உள்ள வில்லில், நாணின் ஒரு முனையிலிருந்து p தூரத்திலும் மறு முனையிலிருந்து q தூரத்திலும் உள்ள புள்ளி நாணை விட்டு ஏறத்தாழ p × q / 2R விலகியிருக்கும். அடுத்தடுத்த மூன்று புள்ளிகளை எடுத்தால் 1 × 1 / 1000, அதாவது ஒரு மில்லிமீட்டர். டொலரன்ஸுக்கு வெகு உள்ளே. எனவே மூலக் கோப்பின் அயல் புள்ளிகளோடு மட்டும் ஒப்பிட்டு அழிக்கும் நிரல் எல்லா இடைப் புள்ளிகளையும் அழித்துவிடும். வளைவு முழுவதும் ஒரே நாணாகிவிடும்.

சிலர் இதைப் புரிந்துகொண்டு, கடைசியாக வைத்த புள்ளி, இப்போதைய புள்ளி, அடுத்த புள்ளி என்று மூன்றை ஒப்பிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து k மீட்டரில் உள்ள புள்ளிக்கு விலகல் k × 1 / 1000. அது 0.05ஐத் தாண்ட k 51 ஆக வேண்டும். அதாவது முதல் 50 புள்ளிகளும் அழிந்து, 51ஆவது மட்டும் நிற்கும். இப்போது 51 மீட்டர் நாண். அழிந்துபோன 25ஆவது புள்ளி அதை விட்டு 25 × 26 / 1000, அதாவது 65 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது. 5 சென்டிமீட்டர் என்று சொன்ன நிரல் அதைப் போல 13 மடங்கு பிசகிவிட்டது, ஒரு தடவை கூட விதியை மீறாமல்.

காரணம், "ஏறத்தாழ நேர்கோடு" என்ற உறவு கைமாறிப் போகாது. a, b, c நேர், b, c, d நேர் என்றால் a, b, c, d நான்கும் நேர் என்று சரியான கணிதத்தில் சொல்லலாம். டொலரன்ஸ் வந்த உடனேயே அந்த உரிமை போய்விடுகிறது. சின்ன விட்டுக்கொடுப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும்.

தீர்வு, ஒரு நாணை ஏற்கும் முன் அது விழுங்கும் எல்லாப் புள்ளிகளையும் அந்த நாணோடு ஒப்பிடுவது. 1973இல் டக்ளஸ், பியூக்கர் இருவரும் வெளியிட்ட முறை இதைத்தான் செய்கிறது. இரு முனைகளையும் இணைத்து, மிகத் தூரத்தில் உள்ள புள்ளியைத் தேடி, அது எல்லைக்கு வெளியே என்றால் அங்கே உடைத்து, இரண்டு பக்கமும் மறுபடி செய்யும். அப்படி ஒப்பிட்டால் நம் வளைவில் ஒரு நாண் 14 மீட்டரை விட நீள முடியாது. 14 மீட்டர் நாணின் நடுவில் விலகல் 7 × 7 / 1000, ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் கீழே.

## அறிகுறி: நிரல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது முக்கோணங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன

எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வளைக்கும் குவிவு உறை, புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கும் முக்கோண வலை போன்றவற்றை நீங்களே எழுதும்போது இது வரும். இங்கே டொலரன்ஸைக் கூட்டிப் பார்ப்பது வீண் வேலை, பெரும்பாலும் இன்னும் மோசமாகும். இந்த முறைகள் எல்லாம் `turn` தரும் குறிகள் ஒன்றோடொன்று முரண்படாது என்று நம்பி எழுதப்பட்டவை. இடப்பக்கம் என்று சொன்னதை, மூன்று புள்ளிகளின் வரிசையைச் சுழற்றிக் கேட்டாலும் இடப்பக்கம் என்றே சொல்ல வேண்டும். டொலரன்ஸ் இந்த ஒத்திசைவைத்தான் முதலில் உடைக்கிறது, மேலே வளைவில் பார்த்தது அதுதான்.

இங்கே தேவை, சேமித்த எண்களுக்குப் பிழையில்லாத குறி. ஜொனதன் ஷ்யூச்சுக் 1997இல் இதற்கு வேகமான வழி ஒன்றைக் கொடுத்தார். சாதாரண ஃப்ளோட்டில் கணக்கிட்டு, விடை முழுமையாக்கல் பிழையின் உச்ச வரம்பை விடப் பெரிதென்றால் குறியை நம்பலாம். இல்லாவிட்டால் மட்டும் துல்லியத்தைக் கூட்டி மறுபடி கணக்கிட வேண்டும். சிறிய கோப்புக்கு `Fraction` போதும்:

```python
from fractions import Fraction as F

def sign(a, b, c):
    p = [(F(x), F(y)) for x, y in (a, b, c)]
    l = (p[1][0]-p[0][0]) * (p[2][1]-p[0][1])
    r = (p[1][1]-p[0][1]) * (p[2][0]-p[0][0])
    return 0 if l == r else (1 if l > r else -1)

def turn_sign(a, b, c):
    l = (b[0]-a[0]) * (c[1]-a[1])
    r = (b[1]-a[1]) * (c[0]-a[0])
    bound = 3.3306690738754716e-16 * (abs(l) + abs(r))
    if abs(l - r) > bound:
        return 1 if l > r else -1
    return sign(a, b, c)
```

அந்த நீண்ட எண் இரட்டைத் துல்லியத்துக்கான ஷ்யூச்சுக்கின் வரம்பு. இது டொலரன்ஸ் மாதிரித் தெரிந்தாலும் வேலை வேறு. இதற்குக் கீழே வந்தால் "நேர்கோடு" என்று முடிவெடுப்பதில்லை, "இன்னும் தெரியாது, சரியாகக் கணக்கிடு" என்று அனுப்புகிறது.

நம்முடைய (0, 0), (0.1, 0.3), (0.3, 0.9) புள்ளிகளை இதற்குக் கொடுத்தால் எந்த வரிசையில் சுழற்றினாலும் 1 வரும், இடப்பக்கத் திருப்பம். தாளில் அது நேர்கோடுதான், ஆனால் உள்ளே சேமிக்கப்பட்டவை அப்படி இல்லை என்று முன்பே பார்த்தோம். எனவே உறை கட்டும்போதும் வலை பின்னும்போதும் `turn_sign` பயன்படுத்துங்கள். வேண்டாத புள்ளிகளை அழிக்கும் வேலையை அதற்கு முன்பாகவோ பின்பாகவோ தனிப் படியாக, மீட்டரில் வைத்த டொலரன்ஸோடு செய்யுங்கள். இரண்டையும் ஒரே `if` வரிக்குள் போட்டால் மறுபடி முதல் அறிகுறியிலிருந்து தேட வேண்டி வரும்.